அம்மா சொன்ன ‘ஸ்டீக்’ பிழையில்லை

எனக்குப் பதினொரு வயது. பிறந்தநாளுக்கு நியூகாசில் ஆற்றங்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். வெள்ளைத் துணி விரித்த மேசை, எங்களுக்குப் பழக்கமில்லாத மாதிரியான இடம். ஓர்டர் எடுக்க வந்த பெடியனிடம் அம்மா, “வன் ஸ்டீக், ப்ளீஸ்” என்றார். அவன் விளங்காமல் ஒரு கணம் நின்றான். நான் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி, “அம்மா! ஸ்டேக்!” என்றேன்.

அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில்தான் கேட்டார். “எஸ், டி, ஈ, ஏ, கே. ‘ஸ்பீக்’ எண்டு வாசிக்கிறம். ‘வீக்’ எண்டு வாசிக்கிறம். பிறகேன் பிள்ளை இது மட்டும் ஸ்டேக்?”

என்னிடம் பதில் இல்லை. “அது அப்பிடித்தான் அம்மா” என்று யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று விளங்குவதற்கு எனக்குப் பல வருடங்கள் ஆயின. எழுத்தைப் பார்த்து விதிப்படி வாசித்தவர் அம்மா. விதியை மீறியது இங்கிலீஷ். பெற்றோரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்திருக்கிற எல்லோருக்கும் (நானும் அதில் ஒருத்திதான்) அந்த மீறல் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

முதலில் வாயை வைத்து ஒரு சின்னச் சோதனை. மெதுவாக, இழுத்து, “ஆ… ஏ… ஈ…” என்று சொல்லிப் பாருங்கள். ‘ஆ’வில் தாடை முழுக்கத் திறந்திருக்கும். ‘ஏ’க்கு வரும்போது கொஞ்சம் மூடும், நாக்கு முன்பக்கமாக மேலே ஏறும். ‘ஈ’யில் நாக்கு மேலண்ணத்துக்குக் கிட்டப் போய்விடும். ஒரு படிக்கட்டு மாதிரி. ‘ஆ’வுக்கும் ‘ஏ’க்கும் நடுவில் இன்னொரு படியும் உண்டு. ஆடு “மே” என்று கத்தும்போது வருகிற, வாய் அகன்ற ‘ஏ’ அது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. நான் இங்கே ‘அகன்ற ஏ’ என்றே சொல்கிறேன்.

இப்போது 1400க்குப் போவோம். கவிஞர் ஜெஃப்ரி சோசர் செத்த வருடம் அது. அந்தக் காலத்து இங்கிலீஷில் இந்த நான்கு படிகளிலும் சொற்கள் நின்றன. பெயர் என்று பொருள்படும் ‘நேம்’ அடிப்படியில் நின்றது, ‘நாமெ’ என்று. இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ அகன்ற ‘ஏ’ படியில். சந்திப்பதைக் குறிக்கும் ‘மீட்’ அதற்கு மேலே, நம்முடைய சாதாரண ‘ஏ’யோடு, ‘மேட்’ என்று. நேரத்தைக் குறிக்கும் ‘டைம்’ உச்சிப்படியில், ‘டீமெ’ என்று. எழுத்தைப் பார்த்தால் விசித்திரமாக ஒன்றுமே இல்லை. ஜெர்மனியில் இருக்கிற என் மச்சாள் அந்த எழுத்துகளை எப்படி வாசிப்பாளோ அப்படித்தான் இங்கிலாந்துக்காரரும் வாசித்தார்கள்.

அதற்குப் பிறகு சுமார் 300 வருடங்களில் எல்லா நெடில்களும் ஒவ்வொரு படி, சில இரண்டு படி, மேலே ஏறின. ‘நாமெ’ ஏறி ஏறி ‘நேம்’ ஆனது. சந்திக்கிற ‘மேட்’ உச்சிக்குப் போய் ‘மீட்’ ஆனது. அப்படியானால் ஏற்கெனவே உச்சியில் நின்ற ‘டீம்’ எங்கே போகும்? அதற்கு மேல் படி இல்லை. அந்த ‘ஈ’ இரண்டாக உடைந்தது. முதலில் ‘எய்’ போல ஒன்று, பிறகு இன்றைய ‘ஐ’. ‘டைம்’ பிறந்தது இப்படித்தான். குறில்கள் இந்த ஏற்றத்தில் சேரவில்லை. அதனால்தான் ‘சிட்’, ‘பெட்’ போன்ற சொற்கள் இன்றும் ஏறத்தாழ எழுதியபடியே ஒலிக்கின்றன.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் எழுத்துகளின் பெயர்களையே பாருங்கள். ஜெர்மன் பள்ளியில் முதல் உயிரெழுத்தின் பெயர் ‘ஆ’, அடுத்தது ‘ஏ’, மூன்றாவது ‘ஈ’. நம்முடைய இங்கிலீஷ் பள்ளியில் அதே எழுத்துகள் ‘ஏ’, ‘ஈ’, ‘ஐ’. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் அவை ஆ, ஏ, ஈ தான். எழுத்துகளின் பெயர்களும் நெடில் உள்ள சொற்கள்தானே. அவையும் மற்றச் சொற்களோடு சேர்ந்து படியேறிவிட்டன. நர்சரியில் நாங்கள் பாடிய எழுத்துப் பாட்டிலேயே இந்த மாற்றம் முழுதும் இருந்திருக்கிறது, ஒருவரும் சொல்லித் தரவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1909இல் இதற்குப் ‘பெரும் உயிரொலி நகர்வு’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பெயரைக் கேட்டால் ஒரு நாள் காலையில் நடந்த பூகம்பம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒரு பேரன் தன் தாத்தாவைவிடத் தாடையைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தான், அவ்வளவுதான். அது பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவருடைய சிக்கல் ‘ஈ’, ‘ஏ’ இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் ஜோடியில் இருக்கிறது. இந்த ஜோடியை 1500களில் பரவலாக எழுதத் தொடங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. அகன்ற ‘ஏ’ படியில் நின்ற சொற்களை, அதற்கு மேலே நின்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே அப்படி எழுதினார்கள். சந்திக்கிற ‘மீட்’டுக்கு இரட்டை ஈ. இறைச்சி ‘மீட்’டுக்கு ஈ-ஏ. பார்க்கிற ‘சீ’க்கு இரட்டை ஈ. கடல் ‘சீ’க்கு ஈ-ஏ. அன்றைக்கு அவை காதில் வேறு வேறாகக் கேட்ட சொற்கள். ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு ஸ்பெல்லிங் என்று நாங்கள் இன்று சலித்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அது இரண்டு ஒலிக்கு இரண்டு ஸ்பெல்லிங்.

பிறகு ஈ-ஏ சொற்களும் ஏறின. முதலில் அகன்ற ‘ஏ’யிலிருந்து சாதாரண ‘ஏ’க்கு. அங்கே கொஞ்சக் காலம் தங்கின. அந்த நேரத்தில்தான், 1600களின் நடுவில், ஒரு புதிய பானம் லண்டனுக்கு வந்தது. தெற்குச் சீனக் கடற்கரைப் பேச்சில் அந்த இலைக்குப் பெயர் ‘தே’. டச்சு வணிகர்கள் அந்தப் பெயரையே ஐரோப்பாவில் பரப்பினார்கள். அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? ‘ஏ’ ஒலி வேண்டும் என்றால் அன்றைய வழக்கப்படி ஈ-ஏ. ஆகவே டி, ஈ, ஏ. வாசித்தால் ‘டே’. 1714இல் கவிஞர் அலெக்சாண்டர் போப் வெளியிட்ட நெடுங்கவிதையில் இந்தச் சொல், ‘கீழ்ப்படி’ என்று பொருள்படும் ‘ஒபே’யோடு எதுகை சேர்ந்து நிற்கிறது. ‘டே’யும் ‘டீ’யும் கொஞ்சக் காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கடைசியில் மற்ற ஈ-ஏ சொற்களோடு சேர்ந்து இதுவும் உச்சிப்படிக்குப் போய் ‘டீ’ என்றே நிலைத்தது. அயர்லாந்தின் பழைய ஆட்களிடம் மட்டும் ‘டே’ இன்னும் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் காலையில் என்ன குடிக்கிறோம்? தேத்தண்ணி. ‘டீ’ என்று நான் சொன்னபோதெல்லாம் “தேத்தண்ணி எண்டு சொல்லு” என்று அம்மா திருத்துவார். போப் குடித்த கோப்பையில் இருந்த உயிரொலி எங்கள் குசினியில்தான் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

ஈ-ஏ சொற்கள் கூட்டமாக உச்சிப்படிக்கு ஏறியபோது மூன்று சொற்கள் பின்தங்கி ‘ஏ’யிலேயே நின்றுவிட்டன. கிரேட், பிரேக், ஸ்டேக். அன்றாடப் பேச்சில் வருகிறவற்றில் அவ்வளவுதான். இவை மட்டும் ஏன் நின்றன என்பதற்கு ஒரு விதியைச் சொல்லிவிட முடியாது. ‘கிரே’, ‘பிரே’ என்பதில் இருக்கிற ‘ர்’தான் காரணம் என்றால், அதே ‘ர்’ இருக்கிற கிரீமும் டிரீமும் ஏறிவிட்டன. ஆனால் இவை தடுமாறியதற்குச் சாட்சி இருக்கிறது. அகராதி எழுதிய சாமுவேல் ஜோன்சன் 1772இல் தன் நண்பர் பொஸ்வெல்லிடம் சொன்ன கதை அது. அகராதித் திட்டத்தை அவர் வெளியிட்ட காலத்தில் செஸ்டர்ஃபீல்ட் பிரபு, ‘கிரேட்’ என்பது ‘ஸ்டேட்’டோடு எதுகை சேர வேண்டும் என்றாராம். சேர் வில்லியம் யங், இல்லை, அது ‘சீட்’டோடு சேர வேண்டும், ‘கிரேட்’ என்று ஓர் ஐரிஷ்காரன்தான் சொல்வான் என்று சொல்லி அனுப்பினாராம். ஒருவர் பிரபுக்கள் சபையின் சிறந்த பேச்சாளர், மற்றவர் மக்கள் சபையின் சிறந்த பேச்சாளர். இவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை.

அதாவது, என் அம்மா ‘ஸ்டீக்’ என்று சொன்னபோது சேர் வில்லியம் யங் அவருக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். யங்கின் ‘கிரீட்’ தோற்றது, செஸ்டர்ஃபீல்டின் ‘கிரேட்’ வென்றது. எதிர்ப்பக்கமாகவும் நடந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் அந்தக் கடையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

இதையெல்லாம் போன வருடம் அம்மாவுக்குச் சொன்னபோது உடனே அடுத்த கேள்வி வந்தது. “அப்ப பாணை ஏன் ‘பிரீட்’ எண்டு சொல்லேல்ல?” அதே ஈ-ஏ. ஆனால் பிரெட், ஹெட், டெட், டெத் போன்ற சில சொற்களில் நெடில் உச்சிக்கு ஏறும் முன்பே குறுகிக் குறிலாகிவிட்டது. குறிலாகிவிட்டால் படியேற்றம் இல்லை. குணப்படுத்துவதைக் குறிக்கும் ‘ஹீல்’, அதிலிருந்து வந்த ‘ஹெல்த்’, இரண்டிலும் ஈ-ஏ தான். ஒன்று ஏறியது. மற்றது பின்னால் இரண்டு மெய் ஒட்டியதால் வெகு முன்பே குறுகி, ஏறாமல் நின்றது. எழுத்து மட்டும் இரண்டும் ஒரே குடும்பம் என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது வாயின் முன்பக்கப் படிக்கட்டு. உதட்டைக் குவிக்கிற பின்பக்கத்திலும் இதே ஏற்றம் நடந்தது. நான் நியூகாசிலில் வளர்ந்தவள் என்பதால் அதைப் பற்றிப் பெருமையாகவே சொல்வேன். நிலாவைக் குறிக்கும் சொல் ‘மோன்’ என்று இருந்து ‘மூன்’ ஆனது. உச்சியில் இருந்த ‘ஹூஸ்’ (வீடு) உடைந்து ‘ஹவுஸ்’ ஆனது. ‘டூன்’ (ஊர்) உடைந்து ‘டவுன்’ ஆனது. ‘ஊ’ ஒலியை ஓ-யு என்று எழுதுவது பிரெஞ்சு பழகிய எழுத்தர்கள் கொண்டுவந்த வழக்கம். பிரான்சில் இன்றும் அப்படித்தான். எழுத்து ‘ஹூஸ்’ என்றுதான் சொல்கிறது.

ஆனால் எங்கள் ஊரில் உதைபந்து பார்க்கப் போகிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் ஆதரிக்கும் அணிக்குப் பட்டப்பெயர் ‘டூன்’. பழைய நியூகாசில்காரர் ‘அவுட்’டை ‘ஊட்’ என்பார், ‘டவுன்’ என்ற கீழே என்பதை ‘டூன்’ என்பார். ஸ்கொட்லாந்தில் வீடு இன்னும் ‘ஹூஸ்’. சின்ன வயதில் எங்கள் டீச்சர் ஒருவர் இதைச் சோம்பேறிப் பேச்சு என்று திருத்துவார். சோம்பல் ஒன்றும் இல்லை. இந்த ஒலி 1400இல் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது.

ஏன் வடக்கில் மட்டும் நின்றது? இங்கேதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த துண்டு இருக்கிறது. வடக்கில் ‘மோன்’ போன்ற சொற்களின் ‘ஓ’, இந்த ஏற்றம் தொடங்கும் முன்பே வாயின் முன்பக்கத்துக்கு நழுவிப் போயிருந்தது. ஆகவே ‘ஊ’வுக்குக் கீழே இருந்த படி காலி. தெற்கில் ‘ஓ’ ஏறி வந்து ‘ஊ’வைத் தள்ளியது, ‘ஊ’ உடைந்தது. வடக்கில் தள்ள ஆளில்லை, ‘ஊ’ அசையவில்லை. முன்பக்கப் படிக்கட்டிலோ ‘ஏ’ தன் இடத்திலேயே இருந்தது, அது ‘ஈ’யைத் தள்ளியது. அதனால் வடக்கிலும் ‘டீம்’ உடைந்தது. ஒஸ்திரிய அறிஞர் கார்ல் லூயிக் 1896இல் இதை ஆதாரமாகக் காட்டி, ஏற்றம் கீழிருந்து தள்ளியதால் நடந்தது என்றார். யெஸ்பர்சனோ மேலே இருந்தவை முதலில் விலகி, கீழே இருந்தவற்றுக்கு இடம் விட்டன என்று நினைத்தார். நான் லூயிக் பக்கம். டூன்காரி வேறு எந்தப் பக்கம் நிற்பாள்?

எல்லாம் நகர்ந்தபோது எழுத்து ஏன் கூட நகரவில்லை? வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். ஏற்றம் பாதியில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அச்சுக்கோப்பவர்கள் கையெழுத்துப் பிரதிகளின் பழைய வழக்கத்தைப் பின்பற்றினார்கள். 1600களின் நடுப்பகுதிக்குள் அச்சுப் புத்தகங்களில் ஸ்பெல்லிங் ஏறத்தாழ இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. 1755இல் வந்த ஜோன்சனின் அகராதி அதற்குப் பூட்டுப் போட்டது. ‘டே’ ‘டீ’ ஆனதும், கடலும் பார்வையும் ஒரே ‘சீ’ ஆனதும் அச்சில் தெரியவே இல்லை.

“அப்படியென்றால் இப்போதாவது ஒலிப்படி மாற்றி எழுதலாமே?” என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நானும் பத்தாம் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். ஸ்பெல்லிங் பரீட்சையில் குறைந்த கோபம். இப்போது எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஜோன் ஹார்ட் என்று ஒருவர் 1569இல் இதையே கேட்டு ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எழுத்து, தேவையில்லாத எழுத்து ஒன்றும் கூடாது. காது நல்ல காது. அவர் எழுதி வைத்ததால்தான் அன்றைய உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. அவர் காலத்தில் நேரத்தைக் குறிக்கும் சொல் ஏற்கெனவே ‘டெய்ம்’ மாதிரி உடைந்துவிட்டது. ஆனால் ‘நேம்’ இன்னும் ‘ஆ’ பக்கத்திலேயே நின்றது, இறைச்சியும் சந்திப்பும் இன்னும் வேறு வேறு ஒலி. அவர் சொன்னபடி அன்றே மாற்றியிருந்தால் இன்றைக்கு நாங்கள் 1569இன் உச்சரிப்பை எழுதிக்கொண்டு, அது பொருந்தவில்லை என்று சலித்துக்கொண்டிருப்போம். நடந்துகொண்டிருக்கிறவரின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்த மாதிரி.

இன்று மாற்றினாலும் யாருடைய வாய்க்கு ஏற்ப மாற்றுவது? லண்டனுக்கு ‘டவுன்’, எங்களுக்கு ‘டூன்’. ரொரன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிற என் மச்சான்மாருக்கு வேறு வேறு உயிரொலிகள். அம்மாவின் இங்கிலீஷுக்கு இடம் எங்கே? எங்கள் யாருடைய உச்சரிப்பையும் சரியாகக் காட்டாத இந்தப் பழைய எழுத்தில் எல்லோரும் ஒரே பக்கத்தை வாசிக்கிறோம். அந்தச் சௌகரியத்தை நான் விடமாட்டேன். ஏழு வயதுப் பிள்ளைகள் படும் பாடு உண்மைதான், அதை மறுக்கவில்லை. அவர்களுக்கு ஈ-ஏ சொற்களைக் கூட்டமாக, அவற்றின் கதையோடு சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பாடு குறைந்திருக்கும். எனக்குத் தந்தது ஒரு பட்டியலும் வெள்ளிக்கிழமைப் பரீட்சையும்தான்.

தமிழ்ப் பள்ளியில் “தமிழ் எழுதுகிறபடியே வாசிக்கிற மொழி” என்று பெருமையாகச் சொல்வார்கள். அதையும் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘வருகிறேன்’ என்று எழுதிவிட்டு வீட்டில் ‘வாறன்’ என்று சொல்கிறவர்கள் நாங்கள்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்திய அன்று குசினி மேசையில் எஸ், டி, ஈ, ஏ, கே என்று ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி, பக்கத்தில் படிக்கட்டும் கீறிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

“அப்ப அண்டைக்கு நான் சொன்னது பிழையில்லை.”

“பிழையில்லை அம்மா.”

“நீ அவ்வளவு பேருக்கு முன்னால கத்தினனி.”

“ஓம்.”

அவர் உறையைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து, பேனையை வாங்கி, எச், ஈ, ஏ, ஆர் என்று எழுதினார். “இது ஹியர்.” பிறகு அதன் கடைசியில் ஒரு டி சேர்த்தார். “இது ஏன் ஹார்ட்?”

“அதுக்கு இன்னொரு தேத்தண்ணி வேணும்” என்றேன். அவர் எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டார்.